அரை ஆரத்தில் இல்லாத வட்டம்: செய்முறைக் கையேட்டுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

இளநிலை இயற்பியல் செய்முறைக் கையேட்டைத் தொகுக்கும் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். எங்கள் ஆய்வகத்தில் புழங்கும் கையேட்டில் வட்டச் சவ்வின் அதிர்வுகளைப் பற்றிய பகுதியில் ஒரு படம் இருக்கிறது. விளிம்பு இறுகப் பிடிக்கப்பட்ட வட்டத் தோல், நடுவைச் சுற்றி எல்லாத் திசையிலும் ஒரே மாதிரியாக அதிரும்போது, இரண்டாவது முறையில் தோன்றும் கணுவட்டத்தை அந்தப் படம் சரியாகப் பாதி ஆரத்தில் வரைந்து காட்டுகிறது. அதன் கீழே, இத்தகைய முறைகளின் அதிர்வெண்கள் 1 : 2 : 3 என்ற விகிதத்தில் அமையும் என்று ஒரு வரியும் உள்ளது. இரண்டுமே தவறு. நீட்டிக் கட்டிய கம்பிக்கு உரியதை அப்படியே எடுத்து வட்டத்தோலின் மேல் போர்த்தியதால் வந்த பிழை இது என்பதால்தான், ஒரு வரித் திருத்தமாக அனுப்பாமல் இந்த மடலை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு மாணவர்கள் சிலரோடு இதைச் சோதித்துப் பார்த்தோம். 40 செ.மீ. விட்டமுள்ள டிரம் ஒன்றின் பாலியெஸ்டர் தோலைச் சுற்றிலும் ஒரே சுருதி வரும்வரை முறுக்கி, நடுப்புள்ளிக்கு நேர் கீழே சிறிய ஒலிபெருக்கி ஒன்றை வைத்து, தோலின் மேல் சலித்த மணலைத் தூவி, அதிர்வெண்ணை மெல்ல ஏற்றினோம். இரண்டாவது முறை வந்ததும் நடுவில் இருந்த மணல் துள்ளி விலகி ஒரு வளையமாக ஒதுங்கியது. கையேட்டின்படி அதன் ஆரம் 10 செ.மீ. இருக்க வேண்டும்; அளவுகோல் 8.7 செ.மீ. காட்டியது. நான்கு திசைகளில் அளந்தபோதும் ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு இல்லை. ஆனாலும் மாணவர்களில் ஒருவர் பதிவேட்டில் 10 என்றே எழுதிவிட்டார். கேட்டதற்கு, புத்தகத்தில் அப்படித்தானே இருக்கிறது என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த 8.7 எங்கிருந்து வருகிறது? மையத்திலிருந்து r தொலைவில் தோலின் இடப்பெயர்ச்சி R என்றால், அது நிறைவு செய்ய வேண்டிய சமன்பாடு R'' + R'/r + k²R = 0 என்பதாகும். நடுவில் நிற்கும் R'/r என்ற உறுப்பு மட்டும் இல்லாதிருந்தால் இது கம்பியின் சமன்பாடாகவே இருந்திருக்கும். வெளியே போகப்போக வட்டத்தின் சுற்றளவு பெருகுவதால் அலை பரவிக்கொள்ள வேண்டிய இடமும் பெருகுகிறது என்பதையே அந்த உறுப்பு சொல்கிறது. ஆகவே நடுவில் உயரமாக எழும் அலை விளிம்பை நோக்கித் தணிந்துகொண்டே செல்கிறது. இரண்டாவது முறையில், வளையத்துக்கு வெளியே தோல் எட்டும் பெரும வீச்சு, மையத்து வீச்சில் ஏறத்தாழ 0.4 பங்குதான். கையேட்டின் படம் இரு பக்கத்தையும் ஒரே உயரத்தில் வரைந்திருப்பதையும் இங்கேயே சுட்டிக்காட்டிவிடுகிறேன்.

இச்சமன்பாட்டுக்கு இரண்டு தீர்வுகள் உண்டு. அவற்றுள் Y0 மையத்தில் எல்லையின்றிப் பாய்வதால், துளையில்லாத தோலுக்கு அது பொருந்தாது. எஞ்சுவது J0(kr) என்ற பெசல் சார்பு. (பெயர் பெசலுடையதாக இருந்தாலும், அதிரும் முரசுத் தோலை ஆய்லர் 1764-இலேயே இச்சார்பின் தொடரைக் கொண்டு ஆராய்ந்துவிட்டார், பெசல் பிறந்தது 1784-இல்.) விளிம்பில் தோல் அசையக் கூடாது என்பதால், a ஆரமுள்ள தோலுக்கு J0(ka) = 0 ஆக வேண்டும். அதாவது ka என்பது J0-வின் சுழிகளுள் ஒன்றாக மட்டுமே இருக்க முடியும். அச்சுழிகள் 2.405, 5.520, 8.654 என்று செல்கின்றன. அதிர்வெண் k-க்கு நேர்விகிதத்தில் இருப்பதால் முறைகளின் விகிதம் 1 : 2.295 : 3.598. இரண்டாவது முறையில் உள்ளே இருக்கும் கணுவட்டம், kr முதல் சுழியை எட்டும் இடத்தில் அமைகிறது, 2.405-ஐ 5.520-ஆல் வகுத்தால் 0.436, அதை 20 செ.மீ.-ஆல் பெருக்கினால் 8.7 செ.மீ.

இந்த எண்களைக் கையேடு பின்னிணைப்பின் அட்டவணையில் தூக்கிப் போட்டிருப்பதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. முதல் சுழியை மாணவரே கைக்கணக்கில் கண்டுபிடித்துவிடலாம். J0(x) = 1 − x²/4 + x⁴/64 − x⁶/2304 + … என்ற தொடரில் x = 2.4 என்று இட்டால், உறுப்புகள் 1, −1.44, 0.5184, −0.0829, 0.0075, −0.0004 என்று விரைவாகச் சிறுத்து, கூட்டுத்தொகை ஏறத்தாழ +0.0025 ஆகிறது. x = 2.41 என்று இட்டால் அது −0.0027 ஆகிவிடுகிறது. குறி மாறும் இடம் இரண்டுக்கும் ஏறக்குறைய நடுவில், 2.405-இல் இருக்கிறது. பெரிய x-களுக்கு J0 ஒரு தணியும் கொசைன் அலையைப் போல நடந்துகொள்வதால், n-ஆவது சுழி ஏறத்தாழ (n − ¼)π ஆகும். இதை வைத்துப் பார்த்தால் இரண்டாவது முறையின் கணுவட்டம் 3/7 ஆரத்தில் வரும். மூன்றாவது முறையின் இரு வட்டங்கள் 3/11, 7/11 ஆரங்களில் வரும். உண்மை மதிப்பிலிருந்து இவை ஆரத்தின் நூற்றில் ஒரு பங்குகூட விலகுவதில்லை. பாதி என்று மனப்பாடம் செய்வதைவிட ஏழில் மூன்று என்று நினைவில் கொள்வது கடினமானதும் அன்று.

சோதனையில் தவறக்கூடிய இடம் ஒன்றையும் கையேடு சொல்ல வேண்டும். 2.295-க்கு மிக அருகில், 2.136 என்ற விகிதத்தில், வட்டச்சீர் இல்லாத வேறொரு முறை இருக்கிறது. அதன் கணுக்கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இரு விட்டங்கள். ஒலிபெருக்கி மையத்திலிருந்து விலகியிருந்தால் அதுவும் கிளம்பிவிடும்; மணல் வளையமாகாமல் கூட்டல் குறியைப் போல ஒதுங்கினால் அதுவே அடையாளம். மணல் நீள்வட்டமாக ஒதுங்கினால் தோலின் முறுக்கம் சீராக இல்லை என்று பொருள். அதிர்வெண் விகிதம் மட்டும் 2.295-ஐ விடச் சற்று மிகுந்து வந்தால் பதற வேண்டாம். தோலோடு சேர்ந்து அசையும் காற்றின் சுமை தாழ்ந்த முறையையே அதிகம் இழுத்துப் பிடிக்கிறது. வளையத்தின் இடம் அந்த அளவுக்கு மாறுவதில்லை என்பதால், அதிர்வெண்ணைவிட வளையத்தை அளப்பதே நம்பகமானது.

மிருதங்கத்தை எடுத்துக்காட்டாகத் தந்திருப்பது நல்லதுதான்; ஆனால் அது இச்சூத்திரத்துக்கு எடுத்துக்காட்டு அன்று, விலக்கு. வலந்தலையின் கரணை நடுப்பகுதியின் நிறையைக் கூட்டிவிடுவதால் தோல் சீரானதாக இருப்பதில்லை. J0-வின் சுழிகள் அங்கே நேரடியாகச் செல்லுபடியாகா. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமன் 1920-இலும் 1934-இலும் வெளியிட்ட கட்டுரைகளில், இத்தகைய முழவுகளின் ஒன்பது அதிர்வு முறைகள் ஐந்து சுரங்களாகத் திரண்டு முழு எண் விகிதத்தில் நிற்பதைக் காட்டினார். வட்டச்சீர் உள்ள மூன்று முறைகளை மட்டும் எடுத்தால், 1 : 2.295 : 3.598 என்பது அங்கே 1 : 3 : 5-ஐ ஒட்டி அமைகிறது. வெறுந்தோலில் தனித்தனியாக நிற்கும் 2.136-உம் 2.295-உம் கரணை இட்ட தோலில் மூன்றாம் சுரத்தில் ஒன்றுகூடுகின்றன. கரணையைப் படிப்படியாகத் தேய்த்து ஏற்றுபவர் தம் காதால் செய்வது, இச்சுழிகளை அவை இருந்த இடத்திலிருந்து நகர்த்துவதுதான்.

எனவே அடுத்த பதிப்பில் படத்தின் வளையத்தை 0.436 ஆரத்துக்கு நகர்த்தி, வெளிப்பகுதியின் வீச்சைக் குறைத்து வரையவும், 1 : 2 : 3 என்ற வரியை நீக்கவும், முதல் சுழியைத் தொடரிலிருந்து காணும் கணக்கை மணல் சோதனைக்கு முன்னதாகச் சேர்க்கவும் கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் எடுத்த அளவீடுகளும் வளையத்தின் ஒளிப்படங்களும் என்னிடம் உள்ளன. கேட்டால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆய்வக ஆசிரியர் ஒருவர்