காலை உமிழ்நீரும் கார்டிசால் கணக்கும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். காலையில் உமிழ்நீரைச் சோதித்தால் ஒருவருக்கு எவ்வளவு மனஅழுத்தம் என்று தெரிந்துவிடும் எனச் சென்ற இதழின் மருத்துவப் பகுதியில் படித்தேன். உமிழ்நீர் மாதிரிகளோடு லேபில் வேலை செய்கிறவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தச் சோதனை அளப்பது, அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் மனஅழுத்த ஹார்மோனான கார்டிசாலை. தூங்கி விழித்ததும் கார்டிசால் ஏறுவது பெரும்பாலோருக்கு இயல்பு. 30 முதல் 45 நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு பகல் முழுக்க இறங்கிக்கொண்டே போகும். 1997இல் ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகக் குழு இதை விரிவாக எழுதிய பிறகுதான் ஆய்வுகள் பெருகின. ஊசி வேண்டாம், வீட்டிலேயே பஞ்சுச் சுருளை மென்று குழாயில் போட்டுவிடலாம் என்பது பெரிய வசதி. சிக்கலும் அந்த வீட்டில்தான் இருக்கிறது.

உதாரணத்துக்கு, ஒருவர் 6 மணிக்கு விழிக்கிறார். அப்போது கார்டிசால் லிட்டருக்கு 8 நானோமோல், 6.15க்கு 11, 6.30க்கு 14, 6.45க்கு 13 என்று வைத்துக்கொள்வோம். ஒழுங்காக எடுத்தால் ஏற்றம் 6. அவரோ கால் மணி நேரம் படுக்கையில் புரண்டுவிட்டு, 6.15க்கு முதல் மாதிரியை எடுத்து, குழாயில் 'விழித்தவுடன்' என்று எழுதிவிடுகிறார். அரை மணி கழித்து அடுத்தது. இப்போது ஏற்றம் வெறும் 2. உடம்பில் எதுவும் மாறவில்லை, கடிகாரம்தான் மாறியது. ஆனால் ரிப்போர்ட்டைப் பார்ப்பவருக்கு அது 'சோர்ந்துபோன' ஆளாகத் தெரியும். இதனால்தான் 2016இல் வல்லுநர் குழு வெளியிட்ட வழிகாட்டுதல், விழித்த நேரத்தையும் மாதிரி எடுத்த நேரத்தையும் கருவி வைத்துச் சரிபார்க்கச் சொல்கிறது. பஞ்சு வைத்திருக்கும் புட்டியின் மூடியே திறந்த நேரத்தைப் பதிந்துகொள்ளும். ஒரே நாள் அளவும் போதாது. வேலை நாளின் காலையும் விடுமுறைக் காலையும் ஒன்றல்ல. பல் தேய்த்து ஈறில் ரத்தம் கசிந்திருந்தால் அந்த மாதிரியையும் நம்ப முடியாது.

எல்லாம் சரியாக எடுத்தாலும் எண்ணுக்கு என்ன அர்த்தம்? பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2009ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில், வேலை நெருக்கடி உள்ளவர்களிடம் காலை ஏற்றம் கூடுதலாகவும், களைத்து ஓய்ந்தவர்களிடம் குறைவாகவும் இருந்தது. கூடினாலும் அழுத்தம், குறைந்தாலும் அழுத்தம் என்றால் தனி ஒருவரின் எண்ணை வைத்து எதைச் சொல்வது? அந்த வேறுபாடுகள் பலரின் சராசரியில் தெரிபவை. குழுக்களை ஒப்பிட அவை பயன்படும், ஒருவருக்கு நோய்ப் பெயர் சூட்டப் பயன்படாது. இத்தகைய ரிப்போர்ட்டைக் காட்டி 'அட்ரினல் களைப்பு' என்று மாத்திரை விற்கிறார்கள். நாளமில்லாச் சுரப்பி மருத்துவம் அப்படியொரு நோயை ஏற்கவில்லை.

உமிழ்நீர்க் கார்டிசாலுக்கு மருத்துவத்தில் உறுதியான இடம் ஒன்று உண்டு. உடம்பில் கார்டிசால் அளவுக்கு மீறி இருக்கும் குஷிங் நோய்க்குறி என்ற சந்தேகம் வந்தால், அளவு மிகக் குறைந்திருக்க வேண்டிய இரவு 11 மணி வாக்கில் எடுத்துப் பார்ப்பார்கள். அது காலைச் சோதனையே அல்ல. கட்டுரை இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டது. அடுத்த இதழில் அந்த வரிகளையாவது திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கோவை