திரும்பி வந்ததை எழுதி வை, அம்மிணி

சென்னிமலை
ஞாயிறு இரவு

அம்மிணி,

நீ அனுப்பிய செட்டில்மெண்ட் தாளை மூன்று முறை படித்துவிட்டேன். இணைய விற்பனைத் தளத்தில் கணக்குத் திறந்த முதல் மாதத்திலேயே 10 பெட்ஷீட் போயிருக்கிறது. உன் அம்மா இதைப் பெரியப்பா வீடு வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். எனக்கும் பெருமைதான். ஆனால் இரண்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடுவதில்லை. தாள் மட்டும் வருகிறது. ஆகவே தாளைப் பற்றியே எழுதுகிறேன்.

ஒரு பெட்ஷீட் 630 ரூபாய். அதில் 30 ரூபாய் வரி, மீதி 600 உன்னுடையது. தறிக்காரருக்கு 340, தளத்தின் கமிஷன் 60, நிலைக் கட்டணம் 25, அனுப்பும் கூலி 75, பையும் ஒட்டும் நாடாவும் 15. மிஞ்சுவது 85 ரூபாய். கட்டணங்களின் மேல் விழும் 18 சதவீத வரியை நான் சேர்க்கவில்லை. தறிக்காரரிடம் கொடுத்த வரியைப் போல அதையும் நீ கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். அதற்குத்தான் பில் வேண்டும் என்கிறேன். பில் இல்லாமல் தருகிறேன் என்பவரிடம் வாங்காதே.

85 ரூபாய் என்று நீ அடிக்கோடிட்டிருக்கிறாய். திரும்பி வந்த இரண்டையும் ஏன் எழுதவில்லை?

எட்டு நின்றது, 680 ரூபாய். திரும்பிய ஒவ்வொன்றுக்கும் போன கூலி 75, வந்த கூலி 75, பை 15. இரண்டுக்கும் சேர்த்து 330. அதில் ஒன்று மஞ்சள் கறையோடு வந்ததாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய், அந்த 340-உம் போயிற்று. பத்து பெட்ஷீட் அனுப்பி, உன் கையில் நின்றது பத்து ரூபாய். திரும்பி வந்ததை எழுதி வை.

ஒருவர் நிறம் வேறு என்று எழுதியிருக்கிறார். நீ இரண்டு தறிக்காரரிடம் வாங்கியிருக்கிறாய், படம் மட்டும் ஒன்று. ஒரே நீலம் என்று சொன்னாலும் சாயம் ஒவ்வொரு முறை போடும்போதும் கொஞ்சம் மாறும். ஒரே சாயத்தில் வந்த முப்பதை மட்டும் வாங்கி, அதையே வெயில் படாத பகல் வெளிச்சத்தில் படமெடு. அது தீர்ந்ததும் அடுத்த சாயத்துக்குப் புதுப் படம். இன்னொருவர் அளவு குறைவு என்கிறார். 90 அங்குலப் பருத்தி 3 சதவீதம் சுருங்கினாலே கிட்டத்தட்ட இரண்டே முக்கால் அங்குலம் போய்விடும். ஒன்றைத் துவைத்துக் காயவைத்து அளந்து, அந்த அளவையும் விவரத்தில் போடு.

இனி அட்டைப்பெட்டியில் அனுப்பப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, வேண்டாம். கூலியை எடைக்கு மட்டும் போடுவதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, எது அதிகமோ அதற்குப் போடுவார்கள். 35, 28, 5 என்று மடித்துப் பையில் போட்டால் ஒரு கிலோவுக்குள் அடங்கும். 40, 30, 12 பெட்டியில் போட்டால் அதே துணி 2.88 கிலோ ஆகிவிடும். உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறை, வெளியே கிழியாத கூரியர் பை, அவ்வளவு போதும். திரும்பி வருவதைப் பிரிக்கும்போது முகவரிச் சீட்டில் தொடங்கி துணியை விரிப்பது வரை நிறுத்தாமல் வீடியோ எடு. கறையோ மாற்றுத் துணியோ இருந்தால் அன்றைக்கே முறையிடு. நாள் கடந்தால் கேட்க மாட்டார்கள். வந்த தேதியையும் எழுதி வை.

போன வாரம் அம்மாவுடன் வீடியோவில் பேசினாய். உன் கை வெறுமையாக இருந்தது. வேலை செய்யும்போது கழற்றி வைத்திருப்பாள் என்று அம்மாவிடம் சொன்னேன். அப்படித்தான் என்று நீ எழுத வேண்டாம்.

நான் ஏன் இதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. நீ ஏழாவது படித்தபோது கடைகளுக்குக் கட்டுக் கட்டாகக் கடனுக்குப் போட்டேன். விற்றது போகத் திருப்பித் தரலாம் என்பது பேச்சு. அனுப்பிய அன்றே விற்றதாக நோட்டில் எழுதினேன். மழைக்காலம் முடிந்ததும் பாதிக்கு மேல் பூஞ்சையோடு திரும்பி வந்தது. தெற்கு அறை ஒரு வருடம் பூட்டிக் கிடந்ததே, அது அந்தத் துணிதான். எலி மருந்து வைத்திருக்கிறேன் என்று உங்களை உள்ளே விடவில்லை. அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துத் தறிக்காரர்களுக்குக் கொடுத்தேன். சங்கிலி அறுந்துவிட்டது, சரிசெய்யக் கொடுத்திருக்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். மீட்க முடியவில்லை. நான் நோட்டை மூடி வைத்த ஒவ்வொரு மாதமும் வட்டி ஏறியது. இன்றைக்குத்தான் அவளிடம் சொன்னேன். இந்தக் கடிதத்தை எழுதுவதற்கு முன்பு சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அவள் இன்னும் பேசவில்லை.

எந்தக் கடை, எவ்வளவு, என்ன வட்டி என்று மட்டும் எழுது. ஏன் என்று கேட்க மாட்டேன். தபால் நிலையச் சேமிப்பில் என் பெயரில் கொஞ்சம் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை பார்சலில் முப்பது அனுப்புகிறேன். ஒரே சாயம், பில் உள்ளே இருக்கும். எண்ணிப் பார்த்துவிட்டுக் கூப்பிடு.

அப்பா