குடும்ப ஓய்வூதியத்தில் ஒரு பங்கு முடிந்தால் அது எங்கே போக வேண்டும்? ஒரு திறந்த மடல்

மத்திய அரசின் ஓய்வூதியம் மற்றும் ஓய்வூதியர் நலத்துறைக்கும், மத்திய அரசு அலுவலகங்களில் குடும்ப ஓய்வூதியக் கோப்புகளைப் பார்க்கும் அலுவலர்களுக்கும், வணக்கம்.

நான் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். குடும்ப ஓய்வூதியம் சம்பந்தமாக யாராவது பாஸ்புக்கையும், ஓய்வூதியம் வழங்கும் ஆணையான பி.பி.ஓ.வின் நகலையும் தூக்கிக்கொண்டு வந்தால் இன்றும் உட்கார்ந்து பார்த்துக் கொடுப்பேன். பெரும்பாலான கோப்புகளில் சிக்கல் இல்லை. ஊழியர் இறக்கிறார், மனைவிக்கு முழுத் தொகையும் போகிறது, அவர் காலத்துக்குப் பிறகு தகுதியுள்ள பிள்ளைக்குப் போகிறது. நான் எழுத வந்தது பங்காகப் பிரிந்த ஓய்வூதியத்தைப் பற்றி. ஒருவர் பங்கு முடியும்போது அந்தப் பணம் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் நின்றுவிடுகிறது. விதி தெளிவாக இருந்தும் இது நடக்கிறது.

ஒரு குடும்பத்தைக் கற்பனையாக வைத்துப் பார்ப்போம். 2004-க்கு முன்பே வேலையில் சேர்ந்த ஊழியர். முதல் மனைவி ஒரு மகனைப் பெற்றுவிட்டு இறந்துபோகிறார். சில வருடம் கழித்து ஊழியர் மறுமணம் செய்கிறார், இளைய தாரத்துக்கு ஒரு மகள். 2018 ஜூன் 12 அன்று ஊழியர் பணியில் இருக்கும்போதே இறக்கிறார். கடைசி அடிப்படைச் சம்பளம் 60,400 ரூபாய். மகன் பிறந்தது 1996 நவம்பர் 20, மகள் பிறந்தது 2009.

மனைவி உயிரோடு இருக்கும்போது பிள்ளைகளுக்கு எதுவும் கிடையாது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அவர் வயிற்றுப் பிள்ளைகளைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் மூத்த தாரத்து மகன் கதை வேறு. அவன் தாய் உயிரோடு இருந்திருந்தால் என்ன பங்கு பெற்றிருப்பாரோ, அது அவனுக்கு வரும். விவாகரத்தான மனைவியின் பிள்ளைக்கும் இதே கணக்குதான். மத்திய அரசு ஊழியர்களுக்கான 1972 ஓய்வூதிய விதிகளில் 54-ஆம் விதி இதைத்தான் சொன்னது. 2021-இல் வந்த புதிய விதிகளில் அது 50-ஆம் விதி. ஆக, நம் குடும்பத்தில் முதல் நாளிலிருந்தே ஓய்வூதியம் இரண்டு பாதி: ஒன்று இளைய தாரத்துக்கு, இன்னொன்று மூத்த தாரத்து மகனுக்கு.

தொகையைப் பார்ப்போம். பணியில் இருக்கும்போது இறந்ததால் முதல் பத்து வருடம் கூடுதல் விகிதம், அதாவது கடைசிச் சம்பளத்தில் பாதி, 30,200 ரூபாய். 2028 ஜூன் மாதத்துக்குப் பிறகு சாதாரண விகிதம், 30 சதவீதம், 18,120 ரூபாய். இந்தப் பத்து வருடம் இறந்த மறுநாளிலிருந்து ஓடுகிறது. யார் கையில் எந்தப் பங்கு இருக்கிறது என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. இப்போதைக்கு ஆளுக்கு 15,100 ரூபாய். அகவிலை நிவாரணம் தனி.

மகனின் பங்கு மூன்றில் எது முன்னால் வருகிறதோ அதோடு முடியும்: 25 வயது, திருமணம், அல்லது சொந்தமாகச் சம்பாதிக்க ஆரம்பிப்பது. மாத வருமானம் 9,000 ரூபாயும் அதற்கான அகவிலை நிவாரணமும் சேர்ந்த அளவைத் தொட்டால் சம்பாதிக்கிறான் என்று கணக்கு. இவன் படித்துக்கொண்டே இருந்தான், திருமணமும் ஆகவில்லை என்று வைத்துக்கொள்வோம். 2021 நவம்பர் 20 அன்று 25 வயது நிறைகிறது, பங்கு முடிகிறது.

அதற்கப்புறம் அந்த 15,100 ரூபாய்? அரசுக்கு மிச்சம் இல்லை. முடிந்த பங்கு காலாவதியாகாது, மற்ற விதவைக்கோ தகுதியுள்ள மற்ற பிள்ளைக்கோ போக வேண்டும், ஒருவரே மிஞ்சியிருந்தால் அவருக்கு முழுவதும் என்று விதியே சொல்கிறது. அப்படியானால் அந்தத் தேதியிலிருந்து இளைய தாரத்துக்கு முழு 30,200 ரூபாய் வர வேண்டும்.

வருவதில்லை. வங்கி மகனின் கணக்கை 25 வயதில் நிறுத்திவிடுகிறது, அதில் யாரும் தாமதிப்பதில்லை. ஆனால் நிறுத்தியதை அடுத்த பங்குக்காரருக்கு எழுதிச் சொல்ல யாரும் இல்லை. வங்கியைக் கேட்டால், தங்கள் கையில் இருக்கும் பி.பி.ஓ.வில் பாதி என்றுதான் இருக்கிறது, திருத்திய ஆணை வராமல் ஒரு ரூபாய் கூட்ட முடியாது என்பார்கள். அது நியாயம்தான். அந்த ஆணை ஊழியர் கடைசியாக வேலை பார்த்த அலுவலகத்தில் ஆரம்பித்து, சம்பளக் கணக்கு அலுவலகம் வழியாக, டெல்லியில் உள்ள மத்திய ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்தைத் தாண்டித்தான் வங்கிக்கு வர வேண்டும். அலுவலகத்திலோ, விண்ணப்பம் வந்தால் பார்க்கலாம் என்று கோப்பைக் கட்டி வைத்திருக்கிறார்கள். விண்ணப்பிக்க வேண்டியவருக்கு, தனக்கு ஏதோ வர வேண்டியிருக்கிறது என்பதே தெரியாது. மூன்று வருடம் இப்படிப் போனால் 36 மாதத்துக்கு 5,43,600 ரூபாய், அகவிலை நிவாரணத்தைச் சேர்க்காமலே.

இளைய தாரமும் மூத்த தாரத்து மகனும் பல வீடுகளில் பேசிக்கொள்வதில்லை என்பதையும் நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும். 25 வயதாவது பிறந்த தேதியைப் பார்த்தால் தெரிந்துவிடும். அவன் 23 வயதில் கல்யாணம் செய்துகொண்டாலோ வேலைக்குப் போனாலோ, அன்றே பங்கு முடிகிறது. அந்தச் செய்தியைச் சொல்ல வேண்டியவன், சொன்னால் பணத்தை இழக்கிறவன். சொல்லாமல் இருந்தால் பின்னால் அவனிடமிருந்து பிடித்தம் செய்கிறீர்கள், சரி. பிடித்த பணம் உண்மையில் யாருக்குச் சேர வேண்டியது என்று அந்தக் கோப்பில் யாரும் கேட்பதில்லை. பிடித்தம் முடிந்ததும் கோப்பு முடிந்தது.

இதன் மறுபக்கமும் இருக்கிறது. மகனுக்கு 25 ஆவதற்கு முன்பே இளைய தாரம் இறந்துபோனால் அவருடைய பாதி அவர் மகளுக்குப் போகும், மகன் தன் பாதியிலேயே தொடர்வான். அவருக்குப் பிள்ளையே இல்லாதிருந்தால் அந்தப் பாதியும் மகனிடம் வந்து, அவனுடைய தகுதி முடியும்வரை முழுத்தொகையும் அவனுக்கு. இளைய தாரம் மறுமணம் செய்தாலும் அவர் பங்கு முடிந்து மகளுக்குப் போகும். மகள் மைனர் என்றால் காப்பாளர் வழியாக வரும். பிள்ளையில்லாத விதவை மறுமணம் செய்தால் மட்டும் ஒரு சலுகை உண்டு: அவருடைய மற்ற வருமானம் குறைந்தபட்சக் குடும்ப ஓய்வூதியத்தையும் நிவாரணத்தையும் எட்டாதவரை தொகை நிற்காது. விதவை வேலைக்குப் போவதால் எதுவும் நிற்காது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சம்பாதித்தால் நிற்கும் என்ற விதி பிள்ளைகளுக்குத்தான். பயந்துபோய் வேலையை மறைக்கிற பெண்களைப் பார்த்திருக்கிறேன், அந்தப் பயத்துக்குக் காரணமே இல்லை.

மகள் விஷயத்தில் இன்னொரு தவறு அடிக்கடி நடக்கிறது. மகனுக்கு உள்ள 25 வயதை மகளுக்கும் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். திருமணமாகாத மகளுக்கு 25 வயது ஒரு முடிவு அல்ல. 25-க்குக் கீழே உள்ள பிள்ளைகளும், வாழ்நாள் முழுக்கத் தகுதியுள்ள மாற்றுத்திறனாளிப் பிள்ளையும் இருந்தால் அவர்களுக்கு முதலிடம், அவ்வளவுதான். அவர்கள் இல்லாவிட்டால் அவள் பங்கு திருமணம் வரையோ, சம்பாதிக்கத் தொடங்கும்வரையோ ஓடும். நம் எடுத்துக்காட்டில் தாய் இறக்கும்போது மகளுக்கு 27 வயது, திருமணமாகவில்லை, வருமானமில்லை என்றால் கோப்பை மூடக்கூடாது, அவள் பெயரில் ஆணை போட வேண்டும்.

பாதிக்கப்பட்டவர் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? வங்கி தரும் ஓய்வூதியச் சீட்டில் அகவிலை நிவாரணத்தை ஒதுக்கிவிட்டு அடிப்படைத் தொகையை மட்டும் பார்க்க வேண்டும். அது கணவரின் கடைசிச் சம்பளத்தில் 50 அல்லது 30 சதவீதமாக இருந்தால் முழுத்தொகை வருகிறது என்று பொருள். 25 அல்லது 15 சதவீதமாக இருந்தால் இன்னும் பாதிதான் வருகிறது. மற்றப் பங்குக்காரரின் வயது 25-ஐத் தாண்டியிருந்தால் உடனே கேட்க வேண்டும். 2016-க்கு முந்தைய கோப்புகளில் மட்டும், பழைய சம்பளத்தை வைக்காமல் திருத்தி நிர்ணயித்த சம்பளத்தை வைத்துப் பார்க்க வேண்டும். இந்தக் கணக்கை ஒரு விதவை வீட்டு மேசையில் உட்கார்ந்து போட வேண்டியிருக்கிறது என்பதுதான் எனக்கு ஆற்றாமை. உங்கள் கணினியில் மகனின் பிறந்த தேதி முதல் நாளிலிருந்தே இருக்கிறது.

அதனால் கேட்பது இவ்வளவுதான். பங்காகப் பிரியும் ஆணையைப் போடும் அன்றே, ஒவ்வொரு பங்கும் வயதால் எந்தத் தேதியில் முடியும், முடிந்தால் யாருக்குப் போகும் என்ற இரண்டு வரியையும் அதே ஆணையில் எழுதிவிடுங்கள். வங்கிக்கு அது இருந்தால் போதும், அந்தத் தேதியில் ஒன்றை நிறுத்தி மற்றதைக் கூட்ட வேறு திருத்தம் தேவைப்படாது. திருமணம், வருமானம், மரணம் போன்றவற்றை முன்கூட்டி எழுத முடியாதுதான். ஆனால் எந்தக் காரணத்தால் ஒரு பங்கு நின்றாலும் அன்றே மற்றப் பங்குக்காரருக்கு ஒரு கடிதம் போக வேண்டும், விண்ணப்பம் எங்கே கொடுப்பது என்ற விவரத்தோடு.

நிலுவை விஷயத்தில் விண்ணப்பத் தேதியைப் பார்க்காதீர்கள். பங்கு எந்த நாளில் முடிந்ததோ அதற்கு மறுநாளிலிருந்து கணக்குப் போடுங்கள். தாமதம் அவர் செய்ததல்ல.

அலுவலகங்களில் இருக்கும் தோழர்களுக்கு ஒன்று. புதிய விதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் அலமாரியில் இரண்டு பங்காகப் போன கோப்புகள் அதிகம் இருக்காது, அவற்றை மட்டும் தனியே எடுத்து மகன்களின் பிறந்த தேதியைப் பாருங்கள். 25 தாண்டியிருந்தால் விதவைக்கு ஒரு கடிதம் போடுங்கள், திருத்திய ஆணைக்கான குறிப்பை நீங்களே மேலே அனுப்புங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர்