விடையும் செலவும்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். முழங்கால் வலிக்கு வைத்தியரைப் பார்த்தாயா, அதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாய்.

எங்கள் பள்ளித் தமிழ் டீச்சர் போன மாதம் ஓய்வு பெற்றார். 2022-ல் ஆந்திராவில் ஓய்வு வயதை 60-லிருந்து 62 ஆக்கினார்கள் அல்லவா, அதனால் கூடுதலாக இரண்டு வருஷம் அவரோடு இருக்கக் கிடைத்தது. 1960-ல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது நகரி ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. அதனால் இங்கே தமிழ் வகுப்பும் உண்டு, ஆசிரியர் அறையில் தெலுங்கும் உண்டு. டீச்சருக்கு ஆசை, விழாவில் தமிழில் பேசி, கடைசி வரியை மட்டும் தெலுங்கிலும் சொல்ல வேண்டும் என்று. அந்த வரியை என்னிடம் கொடுத்தார்:

"இத்தனை வருஷமாகப் பிள்ளைகளிடம் விடை கேட்டேன், இன்று உங்களிடம் விடை கேட்கிறேன்."

எவ்வளவு அழகு பார். கேள்விக்கான விடையும் புறப்படும்போது பெறும் விடையும் தமிழில் ஒரே சொல். தெலுங்கில் அப்படி இல்லை. கேள்விக்கு ஜவாபு அல்லது சமாதானம், புறப்படுவதற்குச் செலவு. நேராகப் பெயர்த்தால், பிள்ளைகளிடம் சமாதானம் கேட்டேன், உங்களிடம் செலவு கேட்கிறேன் என்று இரண்டு தனிச் செய்திகளாகிவிடும். பொருள் தப்பாது. ஆனால் கேட்பவர்களுக்கு அந்த வரியை ஏன் யோசித்து எழுதினார் என்றே தெரியாது.

அப்புறம் செலவு என்ற சொல்லையே பிடித்துக்கொண்டேன். தெலுங்கில் அது பள்ளி விடுமுறைக்கும், ஒருநாள் லீவுக்கும், விடைபெறுவதற்கும் பொது. ஆக, சிலேடையை விடையிலிருந்து விடுமுறைக்கு நகர்த்திவிடலாம்:

"இன்னேள்ளூ பில்லலு நன்னு செலவு அடிகாரு, ஈ ரோஜு நேனு மிம்மல்னி செலவு அடுகுதுன்னானு."

இத்தனை வருஷம் பிள்ளைகள் என்னிடம் செலவு கேட்டார்கள், இன்று நான் உங்களிடம் கேட்கிறேன் என்பதுதான். முதல் பாதியில் கேட்பவர் மாறிவிட்டார், டீச்சருக்குப் பதில் பிள்ளைகள். டீச்சர் இதைப் பற்றி வெகுநேரம் யோசித்தார். கேள்வி கேட்பதுதான் ஆசிரியர் வேலை, அதை விட்டுக்கொடுப்பதா என்று. நான் சொன்னது, உங்கள் வரியின் உயிர், அங்கே நடந்தது இங்கே திரும்புவதில் இருக்கிறது, அது அப்படியே நிற்கிறது என்று. பிறகு அவரே ஒன்று சொன்னார். பழந்தமிழில் செலவு என்றால் போதல்தானே, பாலைத்திணையில் தலைவன் பயணத்தைத் தள்ளிப்போடுவதைச் செலவழுங்குதல் என்கிறோமே என்று. அதற்குப் பிறகு அவருக்கு அந்த வரி தன்னுடையதாகிவிட்டது.

சின்னச் சின்னதாக இரண்டு மூன்று இடங்களில் நிறுத்தி யோசிக்க வேண்டியிருந்தது. மேடை வழக்கு 'செலவு தீசுகுண்டுன்னானு', அதாவது எடுத்துக்கொள்கிறேன் என்பது. அதைப் போட்டால் இரண்டு பாதியிலும் ஒரே வினை வராது, வரி தளர்ந்துவிடும். அதனால் இரண்டிலும் 'அடுகு' தான். அதேபோல் தமிழில் உங்களிடம் கேட்கிறோம், தெலுங்கில் 'மிம்மல்னி', உங்களைக் கேட்கிறார்கள். நம் எல்லைப்பக்கத்துத் தமிழர் வாயில் 'மீ தக்கர' என்று வந்துவிடும், டீச்சருக்கும் அப்படித்தான் வந்தது. பிள்ளைகள் பேச்சில் லீவு என்றுதான் சொல்வார்கள், ஆனால் லீவு என்று போட்டால் இரண்டாம் பாதி செத்துவிடும்.

ஒத்திகையில் இன்னொரு சங்கடம். 'பில்லலு' என்பதை டீச்சர் 'பிள்ளலு' என்றே சொன்னார். நாக்கு பிள்ளை என்ற சொல்லுக்குப் பழகியது, என்ன செய்ய. மெதுவாக, பில், லலு என்று பிரித்துச் சொல்லிப் பழகினார்.

விழாவன்று தமிழ் வரியை முதலில் சொன்னார். தமிழ் தெரிந்தவர்கள் உடனே கைதட்டினார்கள், மற்றவர்கள் அவர்களைப் பார்த்துத் தட்டினார்கள். பிறகு தெலுங்கு வரி. முதல் 'செலவு' வந்தபோது யாரும் அசையவில்லை. இரண்டாவது வந்ததும் பின் வரிசையிலிருந்து எங்கள் தெலுங்கு ஆசிரியர் எழுந்து உரக்கச் சொன்னார்: "மேமு செலவு இவ்வம் டீச்சர்!" நாங்கள் லீவு தரமாட்டோம் என்று. கூடம் முழுக்கச் சிரிப்பு, பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நேர்ப்பெயர்ப்பைச் சொல்லியிருந்தால் அவருக்கு அந்தப் பதிலைச் சொல்ல இடமே இருந்திருக்காது.

சரி, ஒசூரில் உன் பக்கத்து வீட்டுக்காரர் கன்னட வாத்தியார் என்றாயே. இந்த வரி கன்னடத்தில் எப்படி வரும் என்று அவரைக் கேட்டு எழுது. முழங்கால் பற்றியும் எழுது.

அன்புடன்,
உன் நகரி நண்பன்