எஸ்டேட் என்ற பெயர்

பட்டர்வொர்த்
ஞாயிறு மாலை

தம்பிக்கு,

நேற்று நீ தொலைபேசியில் சொன்னதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்திருந்தால் இன்று காலை முதல் பஸ்ஸைப் பிடித்துக் கோலாலம்பூருக்குக் கிளம்பியிருப்பாள். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் அலுவலகத்து மூத்தவர் உன்னை "எஸ்டேட்" என்று கூப்பிடுகிறார் என்றாய். "விளையாட்டுக்குத்தான் அப்பா" என்று நீயே சமாதானமும் சொல்லிக்கொண்டாய். சொன்ன கையோடு நிபோங் திபால் பக்கம் பாட்டி வீட்டுக் கூரை ஒழுகுகிறதா என்று கேட்டாய். கூரையைப் போன மாதமே மாற்றியாகிவிட்டது, அது உனக்கும் தெரியும். அந்தச் சொல் உன்னைத் தைத்திருக்கிறது என்று அங்கேயே புரிந்துகொண்டேன். ஆனால் உனக்குத் தைத்தது என்பதற்காகவே அவர் தைக்க நினைத்தார் என்று முடிவு கட்டிவிட முடியாது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கேலிக்கும் நம்மிடையே முறை உண்டு. உன் மாமா நம் வீட்டுக்குள் நுழையும்போதே "துரை பசியாறிவிட்டாரா?" என்று என்னைக் கேட்பார். தோட்டத்து ரத்தத்தில் பிறந்த எவனுக்கும் 'துரை' என்றால் என்ன என்று தெரியும்; பங்களாவில் இருந்த வெள்ளைக்காரன். மாமா வாயில் அது எனக்கு இனிக்கிறது, ஏனென்றால் அவர் எனக்கு மச்சான். மச்சானைக் கிண்டல் செய்யவில்லை என்றால்தான் ஏதோ மனத்தாங்கல் என்று உறவுக்காரர்கள் கவலைப்படுவார்கள். அதே சொல்லை உன் பெரியப்பா ஒருமுறை சொன்னார், ஏறத்தாழ அதே குரலில். பாட்டியின் மருத்துவச் செலவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. நான் பதில் பேசாமல் எழுந்து வெளியே போய்விட்டேன். அண்ணன் தம்பிக்குள் 'துரை' கேலியாகாது; கணக்குக் கேட்பதாகிவிடும். (அம்மா என்னை முப்பத்தொரு ஆண்டுகளாக எருமை என்று அழைக்கிறாள். அது எந்த முறையில் சேரும் என்று நான் ஆராய்ந்ததில்லை.)

கோலாலம்பூரில் சீனரும் மலாய்க்காரரும் 'மச்சா' என்று வாய் நிறையக் கூப்பிடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்டது சொல்லை மட்டும். அதோடு வரும் முறை நம்மிடமே இருக்கிறது. உன் மூத்தவரோ தமிழர். முறை தெரிந்தவர். ஆகவே அவரை இன்னும் கொஞ்சம் கூர்ந்து பார்க்கலாம்.

அதற்கு முன் நான் பிறையில் அரிசிக் கிடங்கில் வேலை செய்த காலத்துக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். உனக்கு இதைச் சொன்னதில்லை.

எங்களுக்கு ஒரு லாரி ஓட்டுநர் இருந்தார், ஹொக்கியன் பேசும் சீனக் கிழவர். நான் அவரை 'ஆ பெக்' என்பேன், பெரியவரே என்ற பொருளில். அவர் என்னைக் 'கெலிங்-ஆ' என்பார். ஆமாம், அந்தச் சொல்தான். இன்று யாராவது உன்னை அப்படிச் சொன்னால் உனக்கு ரத்தம் கொதிக்கும், கொதிக்கவும் வேண்டும். ஆனால் பினாங்கு ஹொக்கியனில் பழைய தலைமுறைக்கு இந்தியனைக் குறிக்க வேறு சொல் பழக்கத்தில் இல்லை. கடைசியில் வரும் 'ஆ' சிறியதைக் குறிக்கும் விகுதி. நம் 'குட்டி' மாதிரி, செல்லத்துக்கும் அதுதான், மட்டம் தட்டவும் அதுதான்.

சொல்லின் வரலாற்றைப் பார்த்தும் ஒரு முடிவுக்கு வர முடியாது. கலிங்கத்திலிருந்து வந்த பெயர் என்பார்கள். கைதிகளின் கால் சங்கிலிச் சத்தத்தால் வந்தது என்று சிலர் சொல்வது தவறு. ஆங்கிலேயர் இங்கே கைதிகளைக் கொண்டுவருவதற்கு வெகு காலம் முன்பே, 1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்த காலத்திலேயே, தென்னிந்திய வணிகரைக் குறிக்க அந்தச் சொல் இருந்தது. ஜார்ஜ் டவுனில் 1801இல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இன்றும் அதே பெயரோடு நிற்கிறது. அந்தப் பெயரைப் படித்து யாரும் கோபப்படுவதில்லை. மனிதனின் முகத்தைப் பார்த்து அதையே சொன்னால் அடிதடியாகிறது.

ஆ பெக் அதைச் சொல்லும்போது கடைசி 'ஆ' நீளும், குரல் மேலே போகும், கை ஏற்கெனவே தேநீர்ப் பொட்டலத்தை நீட்டியிருக்கும். பையில் கட்டி ரப்பர் வளையம் போட்ட தேநீர், எனக்குச் சர்க்கரை குறைவு என்பதும் அவருக்குத் தெரியும். நான் காய்ச்சலில் மூன்று நாள் வராதபோது மண்டோரிடம் போய் என் பெயரைச் சொல்லித்தான் விசாரித்திருக்கிறார். இதைக் கவனி. எதிரில் இருந்தால் பட்டப்பெயர். இல்லாதபோது சொந்தப் பெயர்.

பிறகு ஒரு புதுக் கிராணி வந்தார். எடை போடுவதில் இரண்டு மூட்டை குறைந்தது. அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பக்கத்தில் நின்றவரிடம் அதே சொல்லைச் சொன்னார், 'ஆ' இல்லாமல், வெட்டினாற்போல, குரலைத் தாழ்த்தி. "அவர்கள் இப்படித்தான்" என்று ஒரு வால் வேறு. கிடங்கில் மூட்டை இறங்கும் சத்தம் நின்றுபோனது. முதலில் குரல் கொடுத்தவர் ஆ பெக். லாரியிலிருந்து இறங்கி வந்து அந்தக் கிராணியை ஹொக்கியனில் கிழித்துவிட்டார். பதினோரு ஆண்டு என்னை அந்தப் பெயர் சொல்லியே கூப்பிட்ட மனிதர்! தனக்கு நான் கொடுத்திருந்த உரிமை அடுத்தவனுக்குச் செல்லாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மூட்டைகள், பிறகு பார்த்தால், லாரியின் மூலையில் கித்தானுக்கு அடியில் கிடந்தன.

அன்று முதல் நான் கவனிக்கும் ஒரு விஷயம் உண்டு. ஒரு பட்டப்பெயரை நம்மைக் கூப்பிடுவதற்குச் சொல்கிறார்களா, நம்மைப் பற்றி ஏதாவது விளக்குவதற்குச் சொல்கிறார்களா என்பது. "லூசு, இங்கே வா" என்பது கூப்பிடுவது. "அவன் லூசு, அதனால்தான் இப்படி" என்பது தீர்ப்பு. கூப்பிடுகிறவன் நம் பதிலுக்குக் காத்திருப்பான். தீர்ப்புச் சொல்கிறவனுக்கு நம் பதில் தேவையில்லை.

இப்போது உன் மூத்தவருக்கு வருவோம். நீ சொன்ன மூன்று சம்பவங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, சேர்ந்த இரண்டாம் வாரம், பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. நீ ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தாய். "எஸ்டேட்டுடா நீ!" என்று சிரித்தார், தன் கையையும் நீட்டி ரசம் கேட்டார். இதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. 'டா' சேர்ந்திருக்கிறது, அவரும் அதே காரியத்தைச் செய்திருக்கிறார். அன்று அவர் உன்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

இரண்டாவது, அவர் முடியைப் பற்றி நீ பதிலுக்கு ஏதோ சொல்ல, முகம் சுருங்கிவிட்டது என்றாய். இதை வைத்து அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். திருப்பிச் சொல்ல முடிகிறதா என்பது நல்ல சோதனைதான், ஆனால் பதவியில் மேலே இருப்பவரிடம், அதுவும் நான்கு பேர் முன்னால் வைத்துப் பார்க்கக் கூடாது. வழுக்கை அவருக்கு என்ன வலியோ நமக்குத் தெரியாது. இதில் பாதித் தவறு உன்னுடையது.

மூன்றாவதுதான் எனக்கு உறுத்துகிறது. மேலாளர் முன்னிலையில் உன் அறிக்கையில் ஒரு எண் தவறியிருந்தது. அப்போது அவர், "எஸ்டேட்டிலிருந்து வந்தவர்களுக்கு இதெல்லாம் பழக நாளாகும்" என்றார். 'டா' போய்விட்டது. உன் பக்கம் பார்வை இல்லை. ஒருவனைக் கூப்பிட்ட பெயர், ஒரு கூட்டத்துக்கே பொருந்தும் காரணமாகிவிட்டது. அந்த எண்ணைத் தவறாகப் போட்டது உன் கவனக்குறைவு. பால் மரம் சீவிய உன் தாத்தாவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? கிராணி செய்தது இதைத்தான். ரசம் குடித்த அன்று கேலியாக இருந்த அதே சொல், அதே மனிதர் வாயில், அந்த அறையில் அவமதிப்பாகிவிட்டது. அவர் திட்டமிட்டுச் செய்தார் என்று சொல்லவில்லை. மேலாளர் முன் தன் தலையைக் காப்பாற்ற, கைக்கு எட்டியதை எடுத்து வீசியிருக்கலாம்.

வாட்ஸ்அப்பில் அனுப்பியதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. "என்ன எஸ்டேட், முடிந்ததா" என்ற வரியில் குரல் இல்லை. நீ எந்த மனநிலையில் படிக்கிறாயோ அந்தக் குரலில்தான் அது கேட்கும்.

அவரிடம் பேசு. தனியாக, நின்றுகொண்டு பேசாமல் ஒரு தேநீருக்கு உட்கார்ந்து. சிரித்துக்கொண்டே சொல்லாதே, சிரித்தால் அவரும் சிரித்துத் தள்ளிவிடுவார். "அண்ணே, சாப்பாட்டு மேசையில் கூப்பிட்டீர்கள், பரவாயில்லை. மேலாளர் முன்னால் சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை" என்று சொல். அவ்வளவு போதும், அறிக்கைத் தவறுக்கான மன்னிப்பை இதோடு கலக்காதே. விளையாட்டாகப் பழகியவர் என்றால் சற்றுத் தடுமாறுவார், இரண்டு நாள் பெயரே சொல்லாமல் தவிர்ப்பார், பிறகு உன் பெயரைச் சொல்வார். "இதற்கெல்லாமா கோபம்? விளையாட்டுக்குச் சொன்னேன்" என்று வாயால் சொல்வதைப் பொருட்படுத்தாதே, யாரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள். அதற்குப் பிறகும் ஆட்கள் கூடும்போது மட்டும் அந்தச் சொல் வருகிறதா என்று பார். வந்தால், அது உனக்காகச் சொல்லப்படும் சொல் இல்லை, கேட்கிறவர்களுக்காகச் சொல்லப்படுவது.

இன்னொன்று. அவர் திடீரென்று உன்னை 'நீங்கள்' என்று அழைக்கத் தொடங்கினால் மரியாதை வந்துவிட்டது என்று மகிழாதே. நம் ஆட்கள் கதவைச் சாத்துவது அப்படித்தான்.

பாட்டிக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்தால், "எஸ்டேட் என்றால் என்ன தப்பு? மூன்று மணிக்கு எழுந்து இரண்டு தலைமுறையைப் படிக்க வைத்த இடம்" என்பாள். அவள் அந்தச் சொல்லைத் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வாள். அவளுக்கு அந்த உரிமை இருக்கிறது, உனக்கும் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை பேசுவாய் என்று நினைக்கிறேன். அடுத்த கூட்டத்தில் அவர் உன்னை என்ன சொல்லி அழைத்தார் என்று எழுது. அம்மா ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், வரும்போது கண்ணாடிப் புட்டி ஒன்றைக் கழுவி எடுத்து வா.

அப்பா