பாகத்தைப் பிடிச்சுக்கிட்டு வஸிய்யத்தை விட்டுட்டீங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல அல்ஜீப்ரா பத்தி வந்த கட்டுரையை ஒரே மூச்சுல படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஓரத்துல பெட்டி கட்டி, குர்ஆன்ல சொன்ன வாரிசுப் பங்கைப் பிரிக்கிறதுக்காகத்தான் அல்ஜீப்ராவே பிறந்துச்சுன்னு போட்டிருந்தீங்க பாருங்க, அது மட்டும் எனக்கு இடிச்சுது. இந்த ஒரு வரியை நெட்ல ஆயிரம் பேர் காப்பி அடிச்சு போட்டுட்டான், நீங்களும் போடணுமா?

வாரிசுப் பங்கு பிரிக்க அல்ஜீப்ரா தேவையே இல்லங்க. ஒரு அம்மா இறந்துபோறாங்க, புருஷன், ஒரு மகன், மூணு மகள் இருக்காங்கன்னு வைங்க. புருஷனுக்கு நாலுல ஒண்ணு, மீதியில மகனுக்கு மகளைவிட ரெண்டு மடங்கு. சொத்தை 20 பங்காக்கினா புருஷனுக்கு 5, மகனுக்கு 6, மகள்களுக்கு ஆளுக்கு 3, முடிஞ்சுது. இது பின்னக் கணக்கு, எட்டாங்கிளாஸ் பையன் போட்டுருவான். இதே குடும்பம் அல் குவாரிஸ்மி எழுதின அல்ஜீப்ரா புக்லயும் வருது, அவரும் 20ன்னு வச்சுத்தான் பிரிக்கிறாரு, இதுக்குன்னு ஒரு புது சாஸ்திரம் எதுக்கு?

சிக்கல் ஆரம்பிக்கிறது வஸிய்யத்துல. அதாவது சாகப்போறவர் தனக்கு வாரிசா வராத ஒருத்தருக்கு எழுதி வைக்கிறது. அதுக்கு ஒரு வரம்பு இருக்கு, கடனெல்லாம் அடைச்ச பிறகு இருக்கிற சொத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல போகக் கூடாது, வாரிசுங்க மனசு வச்சு ஒத்துக்கிட்டாதான் கூடுதல் செல்லும். சரி, ஆள் உயில் எழுதாம, சாவுப் படுக்கையில கிடந்துக்கிட்டே இருக்கிறதையெல்லாம் தூக்கி யாருக்காவது குடுத்துட்டா? அதையும் சட்டம் வஸிய்யத்தாத்தான் பார்க்கும், இல்லேன்னா வாரிசுங்களை ஏமாத்துறதுக்கு அது ஒரு நல்ல வழியாயிடும்ல.

இப்ப அல் குவாரிஸ்மி கணக்கு ஒண்ணைப் பாருங்க. பாக்தாத்துல கலீஃபா மஃமூன் காலத்துல, 820 வாக்குல எழுதின புக்கு, அதுல கிட்டத்தட்ட பாதி இந்த மாதிரி வஸிய்யத் கணக்குதான். ஒருத்தர் மரணப் படுக்கையில ஒரு பெண்ணைக் கல்யாணம் பண்ணி, மாப்பிள்ளை பெண்ணுக்குக் குடுக்கிற மஹரா 100 திர்ஹம் குடுக்கிறாரு. அவர்கிட்ட இருந்ததே அந்த 100 தான். அந்தப் பெண்ணுக்கு நியாயமா வர வேண்டிய மஹர் 10 தான். அப்புறம் என்னாச்சுன்னா அந்தப் பெண்ணு முதல்ல இறந்துடுது, அதுவும் தன் சொத்துல மூணுல ஒண்ணை வெளி ஆளுக்கு வஸிய்யத் பண்ணிட்டு. பிறகு புருஷனும் போயிடுறாரு. யார் யாருக்கு எவ்வளவு?

முதல் 10 அந்தப் பெண்ணோட உரிமை, அதைத் தொட முடியாது. மீதி 90 படுக்கையில குடுத்த தானம், அதனால மூணுல ஒண்ணு வரம்புக்குள்ள வரணும். 90ல மூணுல ஒண்ணு 30ன்னு முடிச்சுடலாமேன்னு தோணும், எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணுச்சு. அப்படியே போட்டுப் பார்ப்போம். பெண்ணுகிட்ட 40 இருக்கு. அதுல மூணுல ஒண்ணு வஸிய்யத்துல போயிடுது, மீதி 26 2/3. குழந்தை இல்லாததால அதுல பாதி புருஷனுக்கே வாரிசுப் பங்கா திரும்பி வருது, 13 1/3. அங்கதான் மாட்டிக்கிட்டோம். புருஷன் சொத்து இப்ப கூடிப்போச்சு, சொத்து கூடினா மூணுல ஒண்ணுங்கிற வரம்பும் கூடணும், வரம்பு கூடினா பெண்ணுக்குப் போறது கூடும், அதுல மூணுல ஒண்ணு மறுபடி திரும்பி வரும்... 30ன்னு ஆரம்பிச்சா 34.4க்கு வருது, அதைப் போட்டா 34.9, இப்படியே நாய் தன் வாலைத் துரத்துற மாதிரி சுத்திக்கிட்டே இருக்கும். அரபியில இந்த மாதிரி கணக்குக்கு பேரே 'தவ்ர்', சுத்துன்னு அர்த்தம்.

இந்தச் சுத்தை அறுக்கத்தான் தெரியாத ஒண்ணுக்கு ஒரு பேர் வைக்கிறாரு. நம்ம x இல்ல, அப்ப எழுத்துக் குறியெல்லாம் கிடையாது, எல்லாமே வாக்கியம்தான். 'ஷய்' அப்டிங்கிறாரு, பொருள்னு அர்த்தம். பெண்ணுக்குச் செல்லுபடியாகிற தானம் ஒரு பொருள்னு வைங்க. அப்ப பெண்ணுகிட்ட 10ம் ஒரு பொருளும். அதுல மூணுல ஒண்ணு போக மீதியில பாதி புருஷனுக்கு, அதாவது 3 1/3ம் பொருள்ல மூணுல ஒண்ணும். புருஷன் கையில ஏற்கனவே 90ல பொருளைக் கழிச்ச மீதி இருக்கு. ரெண்டையும் கூட்டினா 93 1/3ல பொருளோட மூணுல ரெண்டைக் கழிச்சது. தானம் மூணுல ஒண்ணுன்னா வாரிசுங்களுக்கு அதைப்போல ரெண்டு மடங்கு வரணும், அப்ப இது ரெண்டு பொருளுக்குச் சமம்.

இந்த இடத்துல நல்லா கவனிங்க. ஒரு பக்கம் கழிச்சல் தொங்கிக்கிட்டு இருக்கு, மூணுல ரெண்டு பொருள் குறையா. அதை எடுத்து ரெண்டு பக்கமும் சேர்த்துட்டா அந்தப் பக்கம் முழுசாயிடுது, 93 1/3 சமம் 2 2/3 பொருள். இந்த ஒரு வேலைக்குத்தான் 'ஜப்ர்'னு பேரு, குறைஞ்சதை நிறைச்சு சரிபண்றது, எலும்பு முறிஞ்சா கட்டு போடுறதுக்கும் அரபியில அதே வார்த்தைதான். அல்ஜீப்ராங்கிற பேர் வந்தது இந்த ஜப்ர்லேர்ந்துதான், உங்க கட்டுரையில இதைச் சொல்லவே இல்ல.

வகுத்தா பொருள் 35. சரி பாருங்க, பெண்ணுகிட்ட 45, வஸிய்யத்துக்கு 15, மீதி 30ல புருஷனுக்கு 15, பெண்ணோட மத்த வாரிசுங்களுக்கு 15. புருஷன் பக்கம் 55ம் 15ம் சேர்ந்து 70, 35க்கு ரெண்டு மடங்கு. 70, 15, 15 கூட்டினா 100. ஒரு திர்ஹம் கூட ஒதுங்கல.

இன்னொரு பக்கமும் சொல்லணும், இல்லேன்னா நானும் உங்க பெட்டி மாதிரி பாதியோட நிறுத்தின ஆளாயிடுவேன். இந்த வஸிய்யத் பகுதி முழுக்க வர்றது ஒருபடிச் சமன்பாடுதான். அதே புக்கோட முன்பகுதியில சதுரம் வரைஞ்சு, மூலையை நிரப்பி இருபடிச் சமன்பாடு போடுறாரே, அது இந்தப் பாகக் கணக்குல எங்கயுமே வர்றதில்ல. அதனால சொத்துத் தகராறுலேர்ந்துதான் மொத்த அல்ஜீப்ராவும் வந்துச்சுன்னு சொன்னா அது ஓவர். முன்னுரையில அவரே வாரிசுரிமை, வஸிய்யத்தோட வியாபாரம், நிலம் அளக்கிறது, வாய்க்கால் வெட்டுறதுன்னு எல்லாத்தையும் சேர்த்துத்தான் சொல்றாரு.

12ம் நூற்றாண்டுல லத்தீனுக்குக் கொண்டுபோனவங்க, செஸ்டர் ராபர்ட்டும் சரி கிரெமோனா ஜெரார்டும் சரி, வஸிய்யத் பகுதியை எடுத்துக்கவே இல்ல, இருபடி இருக்கிற முன்பகுதி மட்டும்தான் அங்க போச்சு. 1831ல லண்டன்ல ரோசன் அரபியோட சேர்த்து இங்கிலீஷ்ல போட்டப்பதான் அந்த மீதியும் அச்சுல வந்துச்சு. பள்ளிக்கூடத்துல 30 வருஷம் சமன்பாடு நடத்தினவன் நான், எங்க பாட்டியோட வஸிய்யத்தை வச்சு வீட்டுல சண்டையும் பார்த்திருக்கேன், ரெண்டுக்கும் சம்பந்தம் உண்டுன்னு ரிடையர் ஆன பிறகுதான் தெரிஞ்சுது.

அடுத்த இதழ்ல திருத்தம் போடுறதா இருந்தா பெரிசா ஒண்ணும் வேணாம், அந்தப் பெட்டியில 'வாரிசுப் பங்கு'ங்கிற இடத்துல 'வஸிய்யத்'னு மாத்துங்க, 'அல்ஜீப்ராவே'ங்கிறதுல அந்த ஏகாரத்தையும் எடுத்துடுங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார்,
மேலப்பாளையம்