மணி வாடகையை மட்டும் போட்டா கணக்கு ஆயிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். போன இதழ்ல நெல் அறுப்பு பத்தி "மெஷின் அறுப்புல செலவு மூணுல ஒரு பங்குதான், இன்னமும் ஆள் வச்சு அறுக்கிறவங்க கணக்குத் தெரியாதவங்க"ன்னு போட்டிருந்தீங்க. பல வருஷமா உங்க பத்திரிகைய படிக்கிறவன், அந்த வரி மனசை ரொம்ப நோகடிச்சிருச்சு.

பயிர் நின்ன வாக்குல, வயல் காஞ்சிருந்தா நீங்க சொல்றது சரிதான், ஒரு மணி நேரத்துல ஒரு ஏக்கர் முடிஞ்சிரும், அப்ப நானும் மெஷினைத்தான் கூப்பிடுவேன். ஆனா இந்தத் தடவை என் ஒரு ஏக்கர் மழையில சாஞ்சு கிடந்துச்சு. சாஞ்ச பயிரை எதிர்ப்பக்கமா போய்த்தான் தூக்கி அறுக்கணும், அந்தக் கடைசிக்குப் போனதும் வெறும் வண்டியா திரும்பி வரணும், வெறுமனே வர்ற நேரத்துக்கும் மீட்டர் ஓடுது. ரெண்டரை மணி நேரம் ஆச்சு.

ஒரு ஆள் கூலியை ஒண்ணுன்னு வச்சு கணக்கு போட்டேன். மெஷினுக்கு மணிக்கு அஞ்சு கூலி, அது பன்னெண்டரை. மூலை முடுக்கு அறுக்க ஒரு ஆள். நெல்லு ஈரமா வந்ததால காயப்போட்டு கிளறி அள்ள மூணு ஆள். வைக்கோல், அறுப்பு மெஷினோட செயின் மிதிச்சு சேத்துல அமுங்கிருச்சு, கட்டு கட்டவே முடியல, அதை வித்திருந்தா மூணு கூலி வந்திருக்கும். மொத்தம் பத்தொம்பதரை. அதே வயலுக்கு ஆள் வச்சா அறுக்க பதினொண்ணு, கட்டு தூக்க நாலு, அடிச்சு தூத்த அஞ்சு, ஆக இருபது. இதுல மூணுல ஒரு பங்கு எங்க இருக்கு?

இன்னும் சிந்தினதை சேர்க்கல. மெஷின் போன இடத்துல ஒரு மீட்டர் சதுரம் கயிறு போட்டு, வைக்கோலை உதறிட்டு நெல்லைப் பொறுக்கி நிறுத்தேன், 25 கிராம். ஏக்கருக்கு 100 கிலோ. கையறுப்புலயும் உதிரும்தான், ஆனா எனக்கு இந்த 100 கிலோவுல பாதிதான் உதிர்ந்திருக்கு. டிரைவர்கிட்ட வேகத்தையும் காத்தாடியையும் குறைக்கச் சொன்னா அடுத்த வயல் காத்திருக்குன்னுட்டார்.

நடவு மெஷின் பத்தி எழுதினப்பவும் இப்படித்தான், தட்டு நாத்தங்கால் செலவையே விட்டுட்டீங்க, அப்ப நான் போட்ட கடிதத்துக்கு ரெண்டு வரி பதில்கூட வரல. ஆள் கிடைக்காத கஷ்டம் உங்களுக்குத் தெரியாததில்ல, அறுப்பு நாலு நாள் தள்ளிப்போனா கதிர்லயே நெல்லு முளைச்சிரும், அதனாலதான் செலவு ஒண்ணா இருந்தாலும் மெஷினுக்குப் போறோம். லாபம்னு நினைச்சுப் போகல.

நான் கேக்கறது ஒண்ணுதான் சார். அடுத்த தடவை செலவுப் பட்டியல் போடும்போது நின்ன பயிருக்கு எத்தனை மணி, சாஞ்ச பயிருக்கு எத்தனை மணின்னு தனித்தனியா போடுங்க, பக்கத்துல வைக்கோலுக்கும் ஒரு கட்டம் விடுங்க.

இப்படிக்கு,
ஒரு நெல் விவசாயி